முதல் பிரசங்கம்: எழுதி வாசிப்பதா, குறிப்போடு பேசுவதா?

"அடுத்த மாதம் எங்கள் சபையில் முதல் தடவையாகப் பிரசங்கிக்கிறேன். லூக்கா 5, வலை போடும் பகுதி. பதினைந்து நிமிடம். எழுதி வாசித்தால் பிழைக்காது என்கிறார் அப்பா. குறிப்பு மட்டும் போதும் என்கிறார் போதகர். எனக்கு இப்போதே கை நடுங்குகிறது." (வாசகர், திருகோணமலை)

தம்பி, அப்பா சொல்வதை வீட்டில் செய்யுங்கள், போதகர் சொல்வதைக் கோயிலில் செய்யுங்கள்.

முதலில் முழுவதையும் எழுதுங்கள். பேனா பிடித்ததும், "சீமோன் இரவு முழுவதும் மேற்கொண்ட முயற்சி பலனளிக்காத நிலையில்" என்றுதான் வரும். வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், வானொலிச் செய்தி மாதிரி இருக்கும். அதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "இராத்திரி முழுக்க வலை போட்டாங்க. ஒரு மீன் இல்லை. விடிஞ்சதும் கரையில இருந்து வலையைக் கழுவுறாங்க." உங்கள் சபையில் கடலுக்குப் போகிறவர்கள் இருந்தால், வலையைக் கழுவினால் அன்றைய வேலை முடிந்தது என்று அவர்களுக்குத் தெரியும். கழுவின வலையை மறுபடி நனைக்க இயேசு சொன்னால் எப்படி இருக்கும்? அந்த இடத்தில் தங்கிப் பேசுங்கள், பிரசங்கத்தின் உயிரே அதுதான்.

பிறகு அந்தத் தாளை மூடிவிட்டு, நின்றபடி சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், போனில் நேரம் பார்த்து. குறிப்போடு பேசும்போது பேச்சு நீளும். அதனால் வீட்டில் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடியட்டும். பிந்தினால் எந்தக் கதையை விடுவது என்பதையும் இப்போதே குறித்துவையுங்கள்.

கோயிலுக்குக் கொண்டுபோவது ஒரு தடித்த அட்டை. உங்கள் பேச்சின் முதல் மூன்று வாக்கியமும் கடைசி இரண்டும் முழுதாக இருக்கட்டும், ஏனென்றால் பதற்றத்தில் தொலைவது அவைதான். நடுவில் பெரிய எழுத்தில் ஐந்தாறு சொற்கள் போதும். மெல்லிய தாள் கை நடுங்கினால் சத்தம் போடும், மைக் அதையும் சேர்த்துக் கேட்கும். மின்விசிறிக்குப் பறக்கவும் செய்யும்.

நடுக்கம் பெரும்பாலும் முதல் இரண்டு நிமிடம்தான், வேகம் கூடுவதும் அப்போதுதான். வேதபாடத்தை நீங்களே வாசிக்கக் கேளுங்கள். சொந்தச் சொல் தொடங்குமுன் தொண்டை அங்கேயே பழகிவிடும். அதில் சீமோன் "ஒன்றும் அகப்படவில்லை" என்று சொல்லும் இடத்தில் நிறுத்தி, மூச்சை முழுதாக விட்டு, பிறகு "ஆகிலும்" என்று தொடருங்கள். உங்களுக்கு அந்த இடைவெளி ஒரு யுகம் மாதிரி இருக்கும். கேட்பவருக்கு ஒரு மூச்சுதான். இடையில் வரி மறந்தாலும் இதேபோல நின்று அட்டையைப் பாருங்கள், மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

அப்புறம், "கடைசியாக" என்று ஒரு தரம்தான் சொல்லலாம். சொன்ன உடனே சனம் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிவிடும்.