சிற்றலுவலகத் தொடர்ச்சித் திட்டம்: 20-ஆம் தேதியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: திருநெல்வேலி சந்திப்பில் தரைத்தளத்தில் ஐந்து பேருடன் கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். மின்தடை, வெள்ளம், முக்கிய ஊழியர் வராமை ஆகியவற்றுக்குத் திட்டம் எழுதுவது எப்படி?

பதில்: எந்த வேலை எத்தனை நாள் நிற்கலாம் என்று முதலில் எழுதுங்கள். உங்களுக்கு நிற்கவே கூடாதது, 20-ஆம் தேதி கெடுவுள்ள மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-3பி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருமழையால் தாமிரபரணி பெருகி நகரை மூழ்கடித்தபோது அந்தக் கெடு மிக அருகில் இருந்தது.

கணினியின் பக்கத்திலேயே இருக்கும் நகல் வட்டு கணினியோடு சேர்ந்தே நனையும். ஆகவே கணக்குத் தரவின் ஒரு நகல் தினமும் இணையச் சேமிப்புக்கும், மற்றொன்று வாரந்தோறும் மேடான இடத்திலுள்ள ஒருவர் வீட்டுக்கும் செல்லட்டும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு மடிக்கணினியில் திறந்து, கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகவே கருதுவதில்லை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து உபரிநீர் திறப்பதாக எச்சரிக்கை வந்தவுடன் கணினிகளை மாடிக்கு ஏற்றுபவர் யார் என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

மின்தடைக்கு, 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலத்தின் கொள்ளளவு 1800 வாட்-மணி. பாதியை மட்டும் நம்பினால் 250 வாட் சுமைக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் கிடைக்கும்.

ஆள் வராமைதான் அதிகம் கவனிக்கப்படாதது. வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி தளக் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான ஓடிபி ஒரே ஊழியரின் கைப்பேசிக்கு வருமானால், அவர் மருத்துவமனையில் இருக்கும் நாளில் எல்லாம் நின்றுவிடும். அந்த எண்ணை வாடிக்கையாளருடையதாக மாற்றுங்கள். பிறகு, மழையில்லாத ஒரு மாதத்தில் அந்த ஊழியருக்கு விடுப்பு கொடுத்து, மற்றொருவரை எழுதிவைத்த குறிப்பைப் பார்த்தே தாக்கல் செய்யச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடங்களைக் குறிப்பில் சேருங்கள்.