அப்பாவோட பொட்டாசியம் 6.2: நீங்க கேட்டதுக்கு என் பதில்

சித்தப்பா (கொழிஞ்சாம்பாறை): பொட்டாசியம் 6.2னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கு. 5.1 தாண்டக்கூடாதாமே! அண்ணனை ஐசியூல சேர்க்கணுமா கண்ணு?

சித்தப்பா, நீங்க பயந்தது சரிதான். அந்த அளவு நிஜமா இருந்தா நெஞ்சுத் துடிப்பே தடுமாறலாம். அதனால நேத்தே அப்பாவைக் கூட்டிட்டுப் போய் ஈசிஜி எடுத்து, புதுசா ரத்தமும் குடுத்தோம். ஈசிஜி நல்லா இருந்துச்சு. ஆனா பொட்டாசியம் ஏறியிருந்தும் சிலருக்கு ஈசிஜில ஒண்ணும் தெரியாது. அதனால ரெண்டாவது ரிசல்ட் வர்ற வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தோம். 4.6னு வந்துச்சு. வீட்டுக்கு வந்துட்டோம்.

அத்தை: ஒரே நாள்ல அவ்வளவு இறங்குமா? எந்த லேப் தப்பு?

அப்பா உடம்புல எதுவும் இறங்கலை அத்தை. முதல் தடவை ரத்தத்தை வீட்டுல எடுத்தாங்க. நரம்பு கிடைக்கலைன்னு பட்டையை ரொம்ப நேரம் கட்டி, கையை மூடி மூடித் திறக்கச் சொல்லி, கஷ்டப்பட்டு இழுத்திருக்காங்க. அப்புறம் அந்தக் குழாய் வேலந்தாவளம் வழியா கோயம்புத்தூருக்கு பைக்ல குலுங்கிட்டே போயிருக்கு. சிவப்பணுக்குள்ள பொட்டாசியம் நிறைஞ்சு கிடக்கும். அணு உடைஞ்சா அதெல்லாம் வெளிய கலந்துடும். மேல தெளிஞ்சு நிக்கற மஞ்சள் நீர் அப்போ இளஞ்சிவப்பா மாறிடும். ரிப்போர்ட் அடியில சின்ன எழுத்துல 'ஹீமோலைஸ்டு'ன்னு இருக்கு பாருங்க, அது இதுதான். அதுக்காக அந்த வார்த்தையைப் பார்த்துட்டு சும்மா இருந்திடவும் கூடாது. நிஜமான ஏற்றம் அதுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கலாம். மறுபடி எடுத்துத்தான் ஆகணும்.

மாமா: டெல்மிசார்டான் பொட்டாசியத்தை ஏத்தும்னு மருந்துக் கடையில சொன்னாங்க. அந்த மாத்திரையை நிறுத்திடும்மா.

ஏத்தும் மாமா, அது நிஜம். ஆனா 4.6 இருக்கறப்போ நாமளா நிறுத்தினா பிரஷர்தான் ஏறும். டாக்டரும் தொடரச் சொல்லிட்டார். மூட்டுவலிக்கு அப்பா கடையில வாங்கிப் போட்டுட்டிருந்த டைக்ளோஃபெனாக்கைத்தான் நிறுத்தியிருக்கோம். அது கிட்னியையும் சிரமப்படுத்தும், பொட்டாசியத்தையும் ஏத்தும். என் கவலை இப்போ கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் மேலதான். ரெண்டு தடவையும் 1.4, கொஞ்சம் அதிகம். பழைய ரிப்போர்ட் கிடைக்காததால இது புதுசா பழசான்னு சொல்ல முடியலை. மூணு வாரம் கழிச்சுத் திரும்ப எடுக்கறோம்.

பெரியம்மா: எனக்கும் போன வருஷம் உப்பு குறைஞ்சு மயக்கமா வந்துச்சே, அதே தானே? தோப்புல இளநி இறக்கி அனுப்பட்டுமா சாமி?

உங்களுக்குக் குறைஞ்சது சோடியம் பெரியம்மா, இது வேற. இளநியில பொட்டாசியம் நிறைய இருக்கு. கிட்னி விஷயம் தெளியற வரைக்கும் அப்பாவுக்கு வேண்டாம். யாராவது சோடியம் குறைஞ்ச உப்புன்னு பாக்கெட் வாங்கிக் குடுத்தா அதையும் தள்ளி வைங்க. அதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம்தான் சேர்த்திருப்பாங்க. அடுத்த தடவை ரத்தம் எடுக்க அப்பாவை நானே லேபுக்குக் கூட்டிட்டுப் போறேன்.