வாடகை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: பிரித்துப் படிப்போம்

"இந்த ஒரு ஷரத்தைப் படித்தால் தலை சுற்றுகிறது: 'குடியேறிய நாள் முதல் ஆறு மாதம் முடியுமுன் வாடகைதாரர் காலி செய்யலாகாது என்றும், அதன் பின்னர் இரண்டு மாத எழுத்துப்பூர்வ அறிவிப்புக் கொடுத்துக் காலி செய்யலாம் என்றும், தவறினால் அக்காலத்து வாடகையும், நியாயமான தேய்மானம் நீங்கலாக நேர்ந்த சேதத்தின் செலவும் முன்பணத்தில் கழிக்கப்பட்டு, மீதி 30 நாட்களில் திருப்பித் தரப்படும் என்றும்...' ஒரே வரியில் சொல்லுங்களேன்."

ஒரே வரியில் அடங்காது, உள்ளே ஐந்து விஷயம் இருக்கிறது. வினைச்சொற்களைப் பென்சிலால் கோடிட்டு, ஒவ்வொன்றையும் யார் செய்கிறார் என்று கேளுங்கள். 'கழிக்கப்பட்டு' என்று எழுதினால் ஆள் மறைந்துவிடுகிறார். அவரை வெளியே கொண்டு வாருங்கள்.

முதல் ஆறு மாதம் நான் காலி செய்ய முடியாது.
அப்புறம் காலி செய்வதென்றால் இரண்டு மாத நோட்டீஸ் எழுதிக் கொடுக்க வேண்டும்.
கொடுக்காவிட்டால் அந்த இரண்டு மாத வாடகையை வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்.
நான் ஏதாவது உடைத்திருந்தால் அதற்கும் பிடிப்பார். புழங்கித் தேய்ந்ததற்குப் பிடிக்கக் கூடாது.
மீதியை 30 நாளில் அவர் தர வேண்டும்.

"நான் சுருக்கியது: 'இரண்டு மாதம் முன்னே சொன்னால் முன்பணம் முழுசும் 30 நாளில் வந்துவிடும்.' சரிதானே?"

பாதி சரி. 'சொன்னால்' போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். 'முழுசும்' என்ற சொல் சேதக் கழிவை விழுங்கிவிட்டது. சுருக்கும்போது முதலில் காணாமல் போவது 'நீங்கலாக', 'தவறினால்' மாதிரியான சொற்கள்தான். பணம் ஒட்டிக்கொண்டிருப்பதும் அவற்றில்தான்.

"நான்காம் மாதக் கடைசியில் நோட்டீஸ் கொடுத்து ஆறாம் மாத முடிவில் கிளம்பலாமா?"

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 'அதன் பின்னர்' எதைச் சேர்ந்தது? காலி செய்வதை என்றால் கிளம்பலாம். நோட்டீஸ் கொடுப்பதை என்றால் எட்டு மாதம் முடிய வேண்டும். நடுவில் இரண்டு மாத வாடகை தொங்குகிறது. எளிய வாக்கியம் எழுதும்போது நமக்குச் சாதகமான அர்த்தத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவோம்; அது வேண்டாம். இரண்டையும் எழுதி, கையெழுத்துக்கு முன்பே எது என்று வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குங்கள். '30 நாள்' சாவி கொடுத்த நாளிலிருந்தா என்பதையும் கூடவே கேளுங்கள்.

"என் பழைய வீட்டில் பெயின்ட் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துவிட்டார்கள். அது தேய்மானம்தானே?"

வெயிலில் நிறம் மங்கியிருந்தால் தேய்மானம் என்பேன். குழந்தை கிறுக்கியிருந்தால் சொல்வது கடினம். பெயின்டுக்கு வேறு ஷரத்து தனியாக இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் கணக்கே மாறும்.

"அப்போ இந்த ஐந்து வரியையே டைப் செய்து கையெழுத்துப் போட்டுவிடலாமா?"

ஐயோ, வேண்டாம். இது நீங்கள் புரிந்துகொள்ள மட்டும். தகராறு வந்தால் கையெழுத்திட்ட மூலத்தைத்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஷரத்து எண்ணைக் குறித்து வையுங்கள்.