60 ரூவா சோப்புக்கு அடக்கம் என்ன: எண்ணெய் டின்னுல இருந்து கடை ரேக் வரைக்கும் ஒரு கணக்கு

கேள்வி: அக்கா, பாளையங்கோட்டைல வீட்டுலேயே குப்பைமேனி சோப்பு செஞ்சு விக்கேன், ஒண்ணு 60 ரூவா. நல்லாத்தான் ஓடுது, ஆனா கையில காசு நிக்க மாட்டேங்குது. எண்ணெய் எவ்வளவு மிச்சம் இருக்கு, எத்தனை சோப்பு ரெடியா இருக்கு, ஒண்ணுக்கு அடக்கம் என்னன்னு எப்படி கணக்கு வைக்க? இதுக்கு சாஃப்ட்வேர் ஏதாச்சும் வாங்கணுமா?

பதில்: சாஃப்ட்வேர் எல்லாம் இப்ப வேண்டாம் தங்கச்சி, போன்ல கூகுள் ஷீட் போதும். மொதல்ல எல்லாத்தையும் கிராமுக்கு மாத்துங்க. செக்குல தேங்கா எண்ணெய லிட்டர் கணக்குல வாங்குதோம், சோப்புக்கு கிராம்ல நிறுத்து ஊத்துதோம், காசு ஓட்டை விழுற மொத இடமே இதுதான். ஒரு லிட்டர் தேங்கா எண்ணெய் சுமாரா 920 கிராம்தான் இருக்கும். லிட்டர் 300 ரூவான்னு வாங்கினா கிலோ 326 ரூவா ஆகுது, நீங்க கிலோ 300ன்னு போட்டுட்டு இருந்தா அங்கேயே 26 ரூவா காணாமப் போச்சு.

ஷீட்ல ரெண்டு பக்கம் போடுங்க. 'வாங்கினது'ல தேதி, பொருள், கிராம், ரூவா. 'பேட்ச்'ல பேட்ச் நம்பர், பொருள், கிராம், பொருளுக்கு ஒரு வரி. மூணாவதா இருப்புக்கு ஒரு பக்கம் வச்சு A2-ல பொருள் பேரை எழுதி, B2-ல இதைப் போடுங்க:

```
=SUMIFS('வாங்கினது'!C:C,'வாங்கினது'!B:B,A2)-SUMIFS('பேட்ச்'!C:C,'பேட்ச்'!B:B,A2)
```

பேரை மட்டும் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி எழுதணும், ஒரு எடத்துல 'தே.எண்ணெய்' இன்னொரு எடத்துல 'தேங்கா எண்ணெய்'னு இருந்தா அது ரெண்டையும் வேற வேற பொருளாத்தான் பாக்கும். வாரம் ஒருக்கா டின்னோட நிறுத்து டின் எடையைக் கழிச்சுப் பாருங்க. பாத்திரத்துல ஒட்டுறது, சிந்துறதுன்னு கொஞ்சம் குறையத்தான் செய்யும், அதை பேட்ச் பக்கத்துலயே ஒரு வரியா எழுதிருங்க, பேட்ச் நம்பர் கட்டத்துல 'கழிவு'ன்னும் பொருள் கட்டத்துல அந்த எண்ணெய் பேரும் போடணும், அப்பத்தான் இருப்புல கழியும். அரை கிலோ ஒரு கிலோன்னு குறைஞ்சா ஒண்ணு கெட்டுப்போன பேட்ச எழுத விட்டிருப்பீங்க, இல்லன்னா அந்த டின்னுல இருந்துதான் வீட்டுல தாளிச்சிருப்பாங்க (சிரிக்காதீங்க, நிறைய வீட்டுல நடக்கறதுதான்).

அடுத்து விலை. தேங்கா எண்ணெய் விலை நிக்க மாட்டேங்குது, அதனால ஆரம்பத்துல இருந்து வாங்கின எல்லாத்துக்கும் சேர்த்து சராசரி போட்டா பழைய மலிவு விலை உள்ள கிடந்து இன்னைக்கு அடக்கத்தைக் குறைச்சுக் காட்டும். புது டின் வரும்போது மிச்சம் இருக்குற எண்ணெயோட மட்டும் சேர்த்து ரேட்டைத் திருத்துங்க. பழசுல 4 கிலோ மிச்சம், கிலோ 326ன்னா 1,304 ரூவா. புதுசா 10 லிட்டர், லிட்டர் 400ன்னு 4,000 ரூவாய்க்கு வாங்குதீங்க, அது 9.2 கிலோ. மொத்தம் 13.2 கிலோ, 5,304 ரூவா, அப்போ கிலோ 402. அடுத்த டின் வர வரைக்கும் எல்லா பேட்சுக்கும் இந்த 402தான்.

இப்ப ஒரு பேட்ச் முழுசா பாப்போம், 'கு 7'ன்னு நம்பர் வச்சுக்கிடுங்க. தேங்கா எண்ணெய் 700 கிராம், நல்லெண்ணெய் 200, விளக்கெண்ணெய் 100, காஸ்டிக் சோடா 159 (அஞ்சு சதவீதம் எண்ணெய் மிச்சம் நிக்கற மாதிரி), தண்ணி 320, குப்பைமேனிப் பொடி 20. தேங்கா எண்ணெய் 281 ரூவா. நல்லெண்ணெய் கிலோ 400ன்னு வச்சா 80, விளக்கெண்ணெய் 250ன்னா 25, காஸ்டிக் சோடா 16, பொடி 12. ஆக 414. விலை எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க பில்லுல உள்ளதைப் போட்டுக்கிடுங்க.

மொத்தம் ஊத்துனது 1,500 கிராம் கிட்ட, நூறு நூறா வெட்டுனா 15 சோப்பு. 414-ஐ 15-ஆல வகுத்து 28 ரூவான்னு முடிச்சிருவாங்க நிறைய பேரு, அங்கதான் தப்பு. ஒண்ணு சோதிச்சுப் பாக்க போயிரும், ஒண்ணு ஓரம் உடைஞ்சு போயிரும், விக்கறதுக்கு 13தான்னு வைங்க, அப்போ ஒண்ணு 31.85. அதனால வெட்டுன அன்னைக்கே அடக்கத்தை எழுதாம, காய வச்சு எடுத்து விக்கத் தகுந்ததை எண்ணின பொறகு எழுதுங்க. டப்பாவும் லேபிளும் 6 ரூவா. உங்க வேலை, நிறுக்க கலக்க வெட்ட பேக் பண்ணன்னு 3 மணி நேரம், மணிக்கு 60 ரூவான்னு குறைச்சுப் போட்டாலும் 180, சோப்புக்கு 13.85. காய்ற நாளுக்குக் கூலி கிடையாது, கை போடுற நேரத்துக்குத்தான். கூட்டுனா 51.70.

நேரா 60க்கு வித்தா 8 ரூவா சொச்சம் மிஞ்சும். கடையில 20 சதவீதம் கமிஷனுக்கு வச்சா கைக்கு வரது 48, ஒவ்வொரு சோப்புலயும் 3.70 போகுது, நல்லா ஓட ஓட நஷ்டமும் நல்லா ஓடும். உங்களுக்கு காசு நிக்காதது இதனாலயான்னு உங்க பில்லை வச்சுப் போட்டா தெரிஞ்சிரும். கடைக்கு மட்டும் விலையைக் கூட்டுங்க, இல்லன்னா கமிஷனைப் பேசிக் குறைங்க.

ரெடியான சரக்குக்கு பேட்ச் வாரியா நாலு கட்டம் போதும்: காய்றது, பேக் ஆனது, கடையில இருக்கறது, வித்தது. நாலையும் கூட்டுனா கெட்டது போக உள்ள 13 வரணும். கடையில குடுத்ததை வித்ததா எழுதிறாதீங்க, திரும்பி வரலாம், காசும் வரல.

காய்றதுல எடையும் குறையும். நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் ஆகும், 100 கிராம் சோப்பு 88 கிட்ட வந்து நிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில இன்னும் இழுக்கும், அதனால நாளை எண்ணாம ஒரே சோப்பை வாரா வாரம் நிறுத்து எடை நின்ன பொறகு பேக் பண்ணுங்க. லேபிள்ல 100 கிராம்னு அடிச்சு உள்ள 88 இருந்தா எடை குறைவுன்னு புகார் வரும். 100 வேணும்னா வெட்டும்போதே 114 கிராம் வைக்கணும், அப்போ 15க்குப் பதிலா 13தான் வெட்ட வரும், அதுலயும் ரெண்டு கெட்டுப்போனா 11, அடக்கத்தைத் திரும்பப் போடணும்.

இன்னொண்ணு, 'பேட்ச்' பக்கத்துல எண்ணெய் எந்தத் தேதி டின்னுன்னும் ஒரு கட்டம் வைங்க. சோப்புல ஆரஞ்சுக் கலர் புள்ளி வந்தா பெரும்பாலும் எண்ணெய் சிக்கு வச்சிருக்கும், அப்போ அதே டின்னுல செஞ்ச மத்த பேட்ச் எது, எந்தக் கடையில கிடக்குன்னு உடனே தேடி எடுத்துறலாம். பேட்ச் நம்பரை டப்பாவுலயும் அடிச்சிருங்க, சோப்பு காஸ்மெடிக் சட்டத்துக்குள்ள வருது, லைசென்ஸும் லேபிள்ல சோப்பு செஞ்ச மாசமும் வருஷமும் எப்படியும் வேணும்.