ஸ்ட்ரெய்ட்னர், டிரையர் போடுவதற்கு முன் ஹீட் புரொடெக்டன்ட் ஸ்பிரே கட்டாயம் அடிக்கணுமா? அது நிஜமாவே வேலை செய்யுதா, வாங்கும்போது என்ன பார்க்கணும்?

அடிக்கணும். வேலையும் செய்கிறது. ஆனால் தப்பாக அடித்தால் அடிக்காமல் விட்டதைவிட மோசமாகும். அதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள் என்பதால்தான் இந்தக் கேள்விக்கு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் செய்யவில்லை, அதனால் எந்த பிராண்டின் பெயரும் இதில் வராது. நீங்கள் ஒரு விசேஷத்துக்கு முன்னால் அவசரமாகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இதை முழுக்கப் படித்துவிடுங்கள்.

தங்கை கல்யாணம், காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். நாலு மணிக்குத் தலைக்குக் குளித்தேன். இடுப்புவரை முடி, துண்டால் ஒற்றியதோடு சரி, காயவைக்க நேரமில்லை. புதிதாக வாங்கிய ஸ்பிரேயைத் தாராளமாக அடித்தேன். ‘230 டிகிரி வரை பாதுகாப்பு’ என்று பாட்டிலில் போட்டிருந்த தைரியத்தில் ஸ்ட்ரெய்ட்னரையும் 230-ல் வைத்துவிட்டேன். முன்பக்க முடியை இழுத்ததும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம், கூடவே வெள்ளையாக ஆவி. ஸ்பிரே வேலை செய்கிறது போல என்று நினைத்து அதே இடத்தில் மூன்று நான்கு தடவை இழுத்தேன்.

போட்டோவில் முடி அருமையாக இருந்தது. இரண்டு வாரம் கழித்துச் சீப்பில் இரண்டு அங்குலம், மூன்று அங்குலத் துண்டுகளாக முடி வர ஆரம்பித்தது. வேரோடு உதிரவில்லை, நடுவில் முறிந்து வந்தது. தொட்டால் வைக்கோல் மாதிரி இருந்தது. அம்மா ‘தண்ணி ஒத்துக்கலடி’ என்றார். பெரியம்மா ‘கண் பட்டிருக்கு’ என்றார். ஒரு மாதம் பார்த்துவிட்டுத் தோல் டாக்டரிடம் போனேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, ‘ஈர முடியில் அயர்ன் வச்சீங்களா?’ என்பதுதான்.

இதற்கு ஆங்கிலத்தில் ‘பபிள் ஹேர்’ என்று பெயராம். மருத்துவ இதழ்களில் 1986-லேயே எழுதியிருக்கிறார்கள். முடி நனையும்போது தண்ணீர் அதன் உள்ளேயும் போய்விடும். அதன்மேல் சூடான தகடு பட்டால் அந்தத் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே குமிழ் குமிழாக ஊதிவிடுகிறது. முடி உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டையாகிறது. அந்த இடத்தில்தான் பிறகு ஒடிகிறது. ஓட்டையானதை எந்த எண்ணெயும் எந்த மாஸ்க்கும் சேர்த்து ஒட்டாது. வெட்டிவிட்டுப் புதிதாக வளர்வதற்குக் காத்திருக்க வேண்டியதுதான். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் வளரும். என் முன்முடி பின்னலுக்குள் நிற்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அப்போது ஸ்பிரே என்னதான் செய்கிறது? அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணியை நினைத்துக்கொள்ளுங்கள். துணி பாத்திரத்தின் சூட்டைக் குறைப்பதில்லை. சூடு கைக்கு வந்து சேர்வதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அதே துணி ஈரமாக இருந்தால் கை வெந்துவிடும், சமையல் செய்கிற எல்லோருக்கும் தெரியும். ஸ்பிரேயும் அப்படித்தான். அதிலுள்ள சிலிகோனும் பாலிமரும் காய்ந்து முடியின்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. சூடு உள்ளே ஏறும் வேகம் குறைகிறது, தகடு வழுக்கிக்கொண்டு போவதால் உரசலும் குறைகிறது. சூட்டை அது தடுப்பதில்லை. ஒரே இடத்தில் தகட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தால் எந்தப் படலமும் காப்பாற்றாது.

அதனால் நான் இப்போது செய்வது இதுதான். துண்டால் ஒற்றி, சொட்டாத அளவு ஈரத்தில் முடியை நாலைந்து பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் லேசாக ஸ்பிரே அடித்து அகலப் பல் சீப்பால் வாருகிறேன். வாராவிட்டால் மேல்முடிக்கு மட்டும்தான் படும். அப்புறம் டிரையர். அதை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 2011-ல் கொரியாவில் வந்த ஓர் ஆய்வில் முடியில் படும் சூட்டை அளந்திருக்கிறார்கள். 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 47 டிகிரி, 5 சென்டிமீட்டரில் 95 டிகிரி. தள்ளிப் பிடிப்பதில் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

முழுக்கக் காய்ந்ததா என்று பார்க்க, ஒரு கற்றையை எடுத்துக் கன்னத்தில் வைப்பேன். கொஞ்சம் சில்லென்று பட்டாலும் உள்ளே ஈரம் இருக்கிறது. காது பின்பக்கமும் பிடரியும்தான் கடைசியில் காயும். அதற்குப் பிறகே ஸ்ட்ரெய்ட்னர், 170 டிகிரியில், ஒரு கற்றைக்கு ஒரே இழுப்பு. ‘ஸ்ஸ்’ என்று கேட்ட அந்த நொடியே எடுத்துவிடுவேன். கலர் அடித்த முடி, மெல்லிய முடி என்றால் 150-க்கு மேல் போகாதீர்கள். சூடு எத்தனை டிகிரி என்று காட்டாத மலிவு ஸ்ட்ரெய்ட்னரை வாங்கவே வேண்டாம். ஸ்பிரேயைவிட அதுதான் முக்கியம்.

பாட்டிலில் முன்பக்கம் எழுதியிருக்கும் டிகிரிக் கணக்கை விட்டுவிடுங்கள். 230 என்றால் அந்தச் சூட்டில் முடிக்கு ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை. பின்பக்கம் பொருள் பட்டியலைப் பாருங்கள். அதிகம் உள்ளது முதலில் வரும். டைமெதிகோன், அமோடைமெதிகோன் மாதிரி ‘கோன்’ என்று முடிகிற பெயரோ, பாலிகுவாட்டர்னியம் மாதிரி பாலிமரோ வாசனைப் பொருளுக்கு முன்னால் இருக்க வேண்டும். ஈர முடிக்கா, காய்ந்த முடிக்கா என்பதையும் பாருங்கள். காய்ந்த முடிக்கானதாக இருந்தாலும் அடித்துவிட்டு அது உலரும்வரை காத்திருங்கள்.

இதைப் படிக்க விடுவதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. வெளிநாட்டுப் பாட்டில் என்றால், விலையும் இறக்குமதி செய்தவர் முகவரியும் உள்ள ஸ்டிக்கரை அந்தப் பட்டியல் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். கடையில் நகத்தால் கிழித்துப் பார்த்தால் முறைக்கிறார்கள். எழுநூறு ரூபாய் கொடுக்கிறவளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க உரிமை இல்லையா? விலையைப் பெரிதாக அச்சடிக்கத் தெரிந்தவர்கள் பட்டியலை மட்டும் கடுகு அளவு எழுத்தில் போடுகிறார்கள், என் அம்மாவால் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை.

‘சிலிகோன் கெட்டது, தேங்காய் எண்ணெய் போதும்’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். நானும் வாரம் இருமுறை தேங்காய் எண்ணெய் தேய்ப்பவள்தான். குளிப்பதற்கு முன் தேய்த்தால் முடிக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய்த் தலையில் 200 டிகிரித் தகட்டை வைத்தால் எண்ணெய் புகைய ஆரம்பிக்கும், வாணலியில் பார்த்திருப்பீர்களே. சிலிகோன் சேர்ந்து முடி பிசுபிசுத்தால் அடுத்த குளியலில் ஷாம்பு இரண்டு தடவை போட்டுக்கொள்ளுங்கள்.

முகூர்த்தம் விடியற்காலை என்றால் முந்தின நாள் சாயங்காலமே தலைக்குக் குளித்துவிடுங்கள்.