அவர் பிடித்த காசுக்கு இவர் பில்லைக் கழிக்க முடியாது

அவிநாசி பக்கம் பவர்டேபிள் யூனிட் வெச்சிருக்கேனுங்க, 12 டெய்லர். போன வருஷம் கேபிள்காரர் மூலமா பிராட்பேண்ட் போட்டேன், பாட்டு ஆப்பும் சேர்ந்தே வருதுன்னார். அதே ஆப்புக்கு என் போன்ல இருந்து மாசம் 149 ரூபாய் போயிட்டே இருக்குன்னு 11 மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. கேட்டா ஆளுக்காள் கையைக் காட்டறாங்க. கோபத்துல 2 மாச நெட் பில்லை நிறுத்தி நேர் பண்ணிட்டேன். மன உளைச்சலுக்கு 1 லட்சம் கேட்டு நுகர்வோர் கோர்ட்டுல போடலாங்களா? மனு, ஸ்டேட்மெண்ட், பில் எல்லாம் இணைச்சிருக்கேன்.

வணக்கமுங்க. கஸ்டமர் கேரில் 40 நிமிஷம் காக்க வைத்தது, கேபிள்காரர் போனை எடுக்காதது எல்லாம் உங்கள் மனுவில் 3 பக்கத்துக்கு இருக்கிறது. அதை ஓரமாக வைத்துவிடுங்கள். சட்டத்துக்கு வேண்டிய கேள்வி ஒன்றுதான், அந்த 149 ரூபாயை எடுத்தது யார், யார் கொடுத்த அனுமதியில் எடுத்தார்கள்.

பதில் உங்கள் ஸ்டேட்மெண்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் யுபிஐ ஆட்டோபேயில் ஆப் கம்பெனியின் பெயரில் போயிருக்கிறது. கூகுள் பிளே என்று வந்திருந்தால் ரத்து செய்ய வேண்டிய இடம் பிளே ஸ்டோர். போன் பில்லிலேயே ஒரு வரியாக ஏறியிருந்தால் போன் கம்பெனியைப் பிடிக்கலாம், அது வேறு வழக்கு. உங்களுடையது நீங்களே முன்பு எப்போதோ பின் நம்பர் போட்டு ஒப்புக்கொண்ட ஆட்டோபே. பிராட்பேண்ட் கம்பெனி அதில் ஒரு பைசா பார்க்கவில்லை. அவர்கள் இலவசமாகத் தந்தது இன்னொரு சந்தா, இன்னொரு நம்பரில். பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்யும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது, உங்களுக்குத்தான் உண்டு. கூடவே, ஆட்டோபேயில் பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னால் அறிவிப்பு வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 11 மாதம் 11 மெசேஜ் வந்திருக்கும். நான் பார்க்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம், எதிர்த்தரப்பு வக்கீல் அதை அச்செடுத்து ஒவ்வொன்றாக வைப்பார்.

இப்போது 'நேர் பண்ணிட்டேன்' என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். 699ம் 18 சதவீத வரியும் சேர்த்து 2 மாதத்துக்கு 1,649 ரூபாய் 64 காசு. ஆப்புக்குப் போனது 1,639. பார்க்கக் கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கொடுக்க வேண்டியதும் வாங்க வேண்டியதும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் கழித்துக்கொள்ள முடியும். நூல் கடைக்காரர் பாக்கி வைத்தார் என்று சாயப்பட்டறைக்குக் கூலி கொடுக்காமல் இருப்பீர்களா? இங்கே இருப்பது இரண்டு தனிக் கம்பெனி. சட்டத்தின் கண்ணில் பிராட்பேண்ட் கம்பெனிக்கு நீங்கள் வெறும் பாக்கிதாரர். இந்த மாதிரி 800, 1,500 ரூபாய் பாக்கியோடு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் இணைப்பைத் துண்டிப்பார்கள், அப்புறம் வசூல் ஏஜென்சிக்காரன் போன் செய்வான், ஆறு மாதம் கழித்து லோக் அதாலத் நோட்டீஸ் வரும். பாக்கியைக் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்புகிற கம்பெனிகளும் உண்டு. ஓவர்லாக் மெஷினுக்கு லோன் கேட்டு பேங்கில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது வெளியே வரும்.

அதைவிடப் பெரிய வம்பு உங்கள் மனுவின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. 'எங்கள் யூனிட்டில் காலை முதல் இரவு வரை டெய்லர்கள் கேட்க ஸ்பீக்கரில் பாட்டு ஓடும்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உருக்கமாக இருக்கட்டும் என்று எழுதியிருப்பீர்கள் போல. இந்த ஆப்புகளின் சந்தா தனிநபர் கேட்பதற்கு மட்டும், தொழில் செய்யும் இடத்தில் ஓடவிடக் கூடாது என்று விதியிலேயே இருக்கும். வேலையிடத்தில் எல்லோரும் கேட்கப் பாட்டுப் போட பதிப்புரிமைச் சட்டப்படி தனி உரிமம் கேட்பார்கள், அதற்கென்றே சங்கங்கள் இருக்கின்றன. 1,639 ரூபாய்க்குப் போய் அந்த வரியை நீதிமன்ற ஆவணமாக்காதீர்கள். எழுத வேண்டாம் என்றால் மறைக்கச் சொல்கிறேன் என்று அர்த்தமில்லை, ஓடவிடுவதையே நிறுத்துங்கள், வேண்டுமென்றால் உரிமம் வாங்குங்கள்.

இதோடு, பில் உங்கள் யூனிட் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்குச் சேவை வாங்கியவர் நுகர்வோரே அல்ல. தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவருக்கு விலக்கு உண்டுதான், 12 டெய்லர் வைத்திருப்பவர் அதில் வருவாரா என்று வாதாடவே இரண்டு வாய்தா போகும். பில்லில் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி என்று கணக்கில் கழித்திருந்தால் இது தொழிலுக்குத்தான் என்று நீங்களே அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்த மாதிரி. தொலைத்தொடர்பு வழக்கு நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்ற பழைய வாதத்தை உச்ச நீதிமன்றம் 2022லேயே முடித்துவிட்டது, அந்தப் பயம் வேண்டாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. ஆனால் ஷிப்மெண்ட் நேரத்தில் திருப்பூர் ஆணையத்துக்கு ஒரு நாள் போனால் உங்களுக்கு என்ன நட்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1 லட்சமெல்லாம் வராதுங்க.

வரக்கூடியது எவ்வளவு? புது சந்தா தொடங்கிய மெசேஜ் பிராட்பேண்ட் போட்டு 3 மாதம் கழித்துத்தான் வந்திருக்கிறது. அதுவரை ஓடியது பழைய சந்தா ஒன்றுதான், அதை இரட்டை வசூல் என்று சொல்ல முடியாது. மீதி 8 மாதம், 1,192 ரூபாய். அதிலும் பழைய கணக்கில் உங்கள் மகள் பாட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கணக்கு, இரண்டு பேர், இரண்டு சேவை என்று ஆப் கம்பெனி பதில் போட்டால் மறுப்பது கஷ்டம். ஒரே ஒரு விஷயம் இதைத் தலைகீழாக்கும். 'பழையது தானா கட் ஆயிரும்' என்று கேபிள்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியோ குரல் பதிவாகவோ அனுப்பியிருந்தால், அது தவறான வாக்குறுதி, பிராட்பேண்ட் கம்பெனியை இழுக்கலாம். வாயில் சொன்னது என்றால் விட்டுவிடுங்கள்.

அதனால் சமாதானமாகப் போங்கள். பில் பாக்கியை இன்றைக்கே கட்டுங்கள், ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று மெயிலில் ஒரு வரி போட்டு, புகார் எண் வாங்கி வையுங்கள். பழைய ஆட்டோபேயை யுபிஐ ஆப்பிலேயே போய் ரத்து செய்யுங்கள், பாட்டு ஆப்பை நீக்குவதால் அது நிற்காது. புது சந்தா தொடங்கிய தேதியைக் காட்டி ஆப் கம்பெனியிடம் பணம் கேளுங்கள். ஒன்றிரண்டு மாதத் தொகை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இனி எந்தக் கம்பெனி ஆஃபர் எடுத்தாலும், பழைய சந்தாவை நிறுத்தி, கட்டிய மாதம் முடிந்தபின், அதே நம்பரில் புதியதைத் தொடங்குங்கள்.

அப்புறம், ஸ்டேட்மெண்டில் நீங்கள் கவனிக்காத ஒரு வரி. புது சந்தா தொடங்கிய அன்றைக்கு அதே ஆப் கம்பெனி பெயரில் 2 ரூபாய் போய், உடனே திரும்பி வந்திருக்கிறது. அது இன்னொரு ஆட்டோபே பதிவானதற்கான அடையாளம் போலத் தெரிகிறது, இலவசம் 12 மாதம் என்று மெசேஜ் சொல்கிறது. 13வது மாதத்தில் அது பணம் எடுக்கத் தொடங்கும். யுபிஐ ஆப்பில் பழையதை ரத்து செய்யும்போது பட்டியலில் இதுவும் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இப்போதே ரத்து செய்யுங்கள்.