ஈ.சி.யில் ஒன்றுமே இல்லை என்றால் வில்லங்கமே இல்லையா?

கேள்வி: கோவை பக்கத்தில் ஒரு குடோன் விலைக்கு வருகிறது. விற்பவர்கள் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி, 2011-இல் கிரயம் வாங்கியிருக்கிறார்கள். 30 வருட வில்லங்கச் சான்று, அதாவது ஈ.சி. காட்டினார்கள், எந்தப் பதிவும் இல்லை. பாதி இடத்தில் ஒரு டிரான்ஸ்போர்ட்காரர் வாடகைக்கு இருக்கிறார். அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், இப்போதைக்கு. அந்த ஈ.சி.யே தப்பு. 2011-இல் பதிவான கிரயப் பத்திரம் அந்த 30 வருடத்துக்குள்தானே வருகிறது? அதுவாவது ஒரு வரியாக வந்திருக்க வேண்டும். பதிவு இருந்தால் படிவம் 15, எதுவும் இல்லையென்றால் படிவம் 16, இப்படித்தான் சார்பதிவாளர் அலுவலகம் சான்று தரும். உங்கள் கையில் இருப்பது படிவம் 16 என்றால், அநேகமாக வேறு ஏதோ ஒரு எண்ணுக்குத் தேடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஈ.சி. தேடுவது நீங்கள் கொடுக்கிற கிராமம், சர்வே எண், உட்பிரிவு, காலம் இவற்றை வைத்துத்தான். கட்டடத்தைப் பார்த்துத் தேடுவதில்லை. உதாரணத்துக்கு, 112/3 என்று 60 சென்ட் நிலம். 2005-இல் அது முழுவதையும் அடமானம் வைத்துப் பத்திரம் பதிந்திருக்கிறார்கள். 2008-இல் அது 112/3ஏ, 112/3பி என்று பிரிகிறது, குடோன் நிற்பது 3பி-யில். நீங்கள் 112/3பி என்று மட்டும் போட்டுத் தேடினால் 2005 அடமானம் வராமல் போகலாம், ஏனென்றால் அன்றைக்கு அந்த உட்பிரிவே இல்லை. அதனால் தாய்ப்பத்திரத்தில் இருந்து இன்றைய பட்டா வரை நிலம் என்னென்ன எண்ணில் இருந்தது என்று எழுதிவைத்துக்கொண்டு, அத்தனை எண்ணுக்கும் tnreginet.gov.in-இல் போட்டுப் பாருங்கள். ஆன்லைனில் கிடைக்காத பழைய வருடங்களுக்கு அலுவலகத்திலேயே மனு கொடுங்கள். அந்த இடம் முன்பு வேறு சார்பதிவகத்தின் எல்லையில் இருந்ததா என்றும் கேட்டுவிடுங்கள். அடமானம் ஏதாவது வந்தால், அது தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் பின்னால் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கடன் அடைந்துவிட்டது என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது.

சரி, ஈ.சி. சரியாக எடுத்தாச்சு என்றே வைத்துக்கொள்வோம். ஒரிஜினல் பத்திரத்தைக் கண்ணால் பார்த்தீர்களா? ஜெராக்ஸ் மட்டும் காட்டுகிறார்கள் என்றால் ஒரிஜினல் யாரிடமோ இருக்கிறது. பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்குவதை இப்போது தமிழ்நாட்டில் பதிவு செய்தாக வேண்டும், ஆனால் எழுத்தே இல்லாமல் வட்டிக்காரரிடம் கொடுத்துவைத்ததெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. வங்கிக் கடன் என்றால் செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்தில் கட்டணம் கட்டி அந்தச் சொத்தைத் தேடலாம். விற்பவர் கம்பெனி என்பதால் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: கம்பெனி சொத்தின் மேல் கடன் வாங்கினால் அதைக் கம்பெனிப் பதிவாளரிடம் பதிய வேண்டும், mca.gov.in-இல் அந்தக் கம்பெனியின் பெயரில் நிலுவையில் உள்ள சார்ஜ்களை, அதாவது சொத்தின் மேல் பதிந்த கடன் பொறுப்புகளைப் பார்க்கலாம். வேறு சொத்துக்கு வாங்கிய கடனுக்குக்கூட இந்தக் குடோனையும் சேர்த்து எழுதிக்கொடுத்திருக்கலாம், ஆகவே கம்பெனி பெயரிலும் பாருங்கள், சொத்தை வைத்தும் பாருங்கள்.

அப்புறம் அந்த டிரான்ஸ்போர்ட்காரர். இவரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 11 மாத வாடகை ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் யாரும் பதிவு செய்வதில்லை, ஈ.சி.யில் வராது. ஆனால் இடத்தில் ஒருவர் இருக்கிறார் என்றால், அவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அது வாங்குகிறவருக்குத் தெரியும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். நாளைக்கு அவர் “எனக்குத்தான் விற்பதாக ஓனர் எழுதிக்கொடுத்திருக்கிறார்” என்று ஒரு தாளை நீட்டினால், தெரியாது என்று நீங்கள் சொல்வது எடுபடாது. நேரில் போய்ப் பேசுங்கள்: ஒப்பந்தம் எதுவரை, அட்வான்ஸ் எவ்வளவு, வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டு, பதிலை அவர் கையெழுத்தோடு வாங்குங்கள். அவர் கொடுத்திருக்கும் அட்வான்ஸ் தொகையை விலையில் கழித்துக்கொள்ளுங்கள், அவர் காலி செய்யும்போது அதை உங்களிடம்தான் கேட்பார்.

மின்சார பாக்கியையும் மறந்துவிடாதீர்கள். பழைய உரிமையாளரின் பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று மின்வாரியம் விதிகளின்படி கேட்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2023-இல் ஏற்றிருக்கிறது. குடோனில் கோல்ட் ஸ்டோரேஜ், மாவு மில் மாதிரி ஏதாவது ஓடியிருந்தால் அந்தத் தொகை சின்னதாக இருக்காது. இணைப்பு எண்ணை வாங்கி, பாக்கி இல்லை என்று எழுத்தில் கேளுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள், அதையும் பதிவு செய்த கிரய ஒப்பந்தத்தின் பேரில், கம்பெனி இயக்குநர் குழுத் தீர்மான நகலை வாங்கிக்கொண்டு.